பொட்டலத்தின் பின்பக்கம்

லண்டனில் இருக்கும் என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவளுக்கு அப்போது 29 வாரம், தலைச்சன் பிள்ளை. படத்தில் ஒரு தேநீர்ப் பெட்டி. வயிறு பெருத்த ஒரு பெண்ணின் கோட்டோவியம், சுற்றிலும் இளஞ்சிவப்புப் பழங்கள், கர்ப்பிணிகளுக்கென்றே தயாரித்தது என்று மேலே பெரிய எழுத்து. "கூட வேலை பாக்குற பொண்ணு குடுத்தா சித்தி. தினம் மூணு கப் குடிச்சா பிரசவம் சுலபமா ஆகுமாம். குடிக்கட்டுமா?"

முன்பக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். வந்தது. பொடி எழுத்தில் நான்கு பொருள்கள்: ராஸ்பெர்ரி இலை, சோம்பு, புதினா, அதிமதுர வேர். சோம்பும் புதினாவும் நம் அடுக்களையில் இருப்பவை. அதிமதுரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது. ராஸ்பெர்ரி இலை மட்டும்தான் அவளுக்குப் புதிது, அதனால் அவளுடைய பயமெல்லாம் அதன் மேலேயே இருந்தது. எனக்கோ கண் நான்காவது பெயரில் நின்றது.

மருத்துவச் செய்திகளை எழுதத் தொடங்கியதிலிருந்து கர்ப்பிணிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "இது மூலிகைதானே, என்ன செய்துவிடப்போகிறது?" என்பது. அந்தப் பெட்டியில் இருந்த நான்கு பொருளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லலாம். இப்போது இந்த மாதிரிப் பெட்டிகள் இணையக் கடைகள் வழியே நம் ஊருக்கும் வந்துவிட்டன.

இலை, பழம் அல்ல

ராஸ்பெர்ரி முட்செடியின் பழம் சிவப்பாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பிரசவத்துக்காகக் குடிப்பது அந்தச் செடியின் காய்ந்த இலையை. நிறத்திலும் துவர்ப்பிலும் நம் சாதாரண வரத்தேநீர் போலவே இருக்கும், பழ வாசனை துளியும் வராது. கடையில் ராஸ்பெர்ரி வாசனை சேர்த்த தேநீரும் பக்கத்திலேயே இருக்கும். அதில் பெரும்பாலும் செம்பருத்தி வகைப் பூவிதழும் வாசனைப் பொருளும்தான். இலை என்று நினைத்து இதை வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. குவளை செக்கச்செவேலென்று, புளிப்பாக இருந்தால் அது இலைத் தேநீர் அல்ல.

பிரிட்டனில் மருத்துவச்சிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மருந்து இது. அறிவியல் இதைத் தொட்டுப் பார்த்தது 1941-இல். ஜே. எச். பர்ன், ஈ. ஆர். விதெல் என்ற இருவர் இலைச்சாற்றை விலங்குகளின் கருப்பைத் தசையில் சோதித்து, 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இறுகியிருந்த தசையை அது தளர்த்தியது. தளர்ந்திருந்த தசையைச் சில சமயம் சுருங்கவும் வைத்தது. ஒரே இலை இரண்டு வேலை செய்யக்கூடியது என்ற இந்தக் குழப்பம் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. மருத்துவர்கள் இதை ஆரம்ப மாதங்களில் வேண்டாம் என்பது இதனால்தான். இலை கருவைக் கலைத்துவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கருப்பையைச் சுருக்கக்கூடிய எதையும் அந்தக் காலத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்ற முன்னெச்சரிக்கை அது.

பெண்களிடம் ஒழுங்காக நடத்திய சோதனை ஒன்று 2001-இல் வெளியானது. சிட்னியில் மிஷெல் சிம்ப்சன், மைரா பார்சன்ஸ் ஆகியோரின் குழு செய்தது. முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய, சிக்கல் எதுவும் இல்லாத 192 பெண்களில் ஒரு பாதிக்கு 32-ஆவது வாரத்திலிருந்து ராஸ்பெர்ரி இலை மாத்திரை கொடுத்தார்கள். 1.2 கிராம் மாத்திரை, தினம் இரண்டு. மறு பாதிக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் எதுவும் தெரியவில்லை. வலி தொடங்கிக் கருப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரை உள்ள நீண்ட கட்டம் கொஞ்சமும் குறையவில்லை. அதற்குப் பிறகு முக்கிப் பிள்ளையை வெளியே தள்ளும் கட்டம் மட்டும் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான அளவு சுருங்கியது. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வந்தது இலை எடுத்தவர்களில் 19.3 விழுக்காடு, எடுக்காதவர்களில் 30.4 விழுக்காடு. இந்த வித்தியாசம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தனை சிறிய கூட்டத்தில் இது தற்செயலாகவும் வந்திருக்கலாம். சோதித்தது மாத்திரையை, குவளைத் தேநீரை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது, "அப்போ பத்து நிமிஷத்துக்காகவா சித்தி?" என்று கேட்டாள். ஆமாம், இருக்கும் சான்றை வைத்துச் சொன்னால் அவ்வளவுதான். இலை வலியை வரவழைக்கும் என்பதற்கும் சான்று இல்லை. தேதி தாண்டிவிட்டதே என்று ஒரே நாளில் ஏழெட்டுக் குவளை குடிப்பவர்களுக்கு வயிறு விட்டுவிட்டு இறுகுவதும் பேதியும்தான் மிஞ்சும்.

குடிப்பதென்றால் எப்படி? பிரிட்டனில் வழக்கமாகச் சொல்லும் முறை இது. 32 வாரம் முடியட்டும். ஒரு தேக்கரண்டி காய்ந்த இலையை ஒரு குவளை கொதிநீரில் போட்டு, மூடி வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஒரு குவளை போதும். குடித்த பிறகு வயிறு கல்லாக இறுகுகிறதா, எத்தனை தடவை என்று கவனிக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி, அதிகபட்சம் மூன்றில் நிறுத்த வேண்டும். இறுக்கம் தொடர்ந்து வந்தால் குறைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

முன்பு சிசேரியன் ஆனவர்கள், சிசேரியனுக்கு நாள் குறித்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், நஞ்சு கீழே இருப்பவர்கள், இரத்தம் பட்டவர்கள், குறைமாதத்தில் வலி கண்டவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் இந்த வரிசையில் வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு பெண்ணுக்கு இந்தத் தேநீர் குடிக்கத் தொடங்கிய பிறகு சர்க்கரை திடீர் திடீரென்று தாழ்ந்து, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டிவந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை பரவலாக உள்ள நம் ஊரில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

சோம்பும் புதினாவும்

சாப்பிட்டு முடித்து ஒரு சிட்டிகை சோம்பு மெல்வதற்கும், சோம்பைத் தட்டிப்போட்டு மூன்று வேளை கஷாயமாகக் குடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சோம்பின் மணத்துக்குக் காரணமான எண்ணெயில் எஸ்ட்ராகோல் என்ற பொருளும் கொஞ்சம் உண்டு. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது ஈரலில் கட்டியை உண்டாக்கியது. உணவில் சேரும் அளவில் மனிதருக்கு அப்படி நேர்ந்ததாகக் காட்டவில்லை. ஆனாலும் ஐரோப்பிய மருந்து முகமை, சோம்பு கஷாயத்தை மருந்தாகக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. கர்ப்பிணிகளைப் பற்றிய தரவு போதவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். விதையைத் தட்டிப் போட்டால், அதிக நேரம் ஊறவிட்டால், அந்த எண்ணெய் தண்ணீரில் கூடுதலாக இறங்கும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1994-இல் இத்தாலியிலிருந்து ஒரு பதிவு வந்தது. இது கர்ப்பிணிகளைப் பற்றியதல்ல, பால் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு தாய்மாரைப் பற்றியது. பால் சுரக்க வேண்டும் என்று சோம்பு, அதிமதுரம் உள்ளிட்ட மூலிகைகள் கலந்த தேநீரை நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தார்கள். அவர்களுடைய பச்சிளம் பிள்ளைகள் துவண்டுபோய், பால் இழுத்துக் குடிக்க முடியாமல், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. தேநீரை நிறுத்திய பிறகு ஓரிரு நாளில் தேறிவிட்டன. எந்த மூலிகை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு லிட்டர் என்ற அளவைத்தான் நான் கவனிக்கிறேன். கூட்டில் குழம்பில் தாளிப்பில் சோம்பு இருக்கட்டும், வயிறு உப்புசத்துக்கு எப்போதாவது ஒரு குவளை இளஞ்சோம்புத் தண்ணீரும் இருக்கட்டும். தண்ணீருக்குப் பதில் சோம்புத் தண்ணீர் என்று ஆக்கிக்கொள்வதுதான் கூடாது.

புதினாவின் மீது எனக்கு வேறு இரண்டு கவலைகள். ஒன்று நெஞ்செரிச்சல். மசக்கையின்போது குமட்டலை அடக்கும் அதே புதினா, ஏழாம் மாதத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டுகிறது. இரைப்பையின் மேல்வாயை மூடி வைத்திருக்கும் தசையை அது தளர்த்துவதே காரணம். மூன்றாம் மாதம் ஒத்துக்கொண்டது எட்டாம் மாதம் ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது இரும்புச்சத்து. தேநீர் இரும்பைத் தடுக்கும் என்பது நமக்குத் தெரியும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டியோடு சேர்த்து வெவ்வேறு பானங்களைக் கொடுத்து உடல் எவ்வளவு இரும்பை எடுத்துக்கொள்கிறது என்று அளந்தார்கள். சாதாரணத் தேநீர் 79 முதல் 94 விழுக்காடு வரை தடுத்தது. 'மூலிகைதானே' என்று நாம் நினைக்கும் புதினாத் தேநீர் 84 விழுக்காடு தடுத்தது. ராஸ்பெர்ரி இலையின் துவர்ப்பும் இதே வகைப் பொருள்களால் வருவதுதான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையைப் புதினாத் தேநீரோடு விழுங்கினால், மாத்திரையில் பெரும்பகுதி வீணாகலாம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஓரிரண்டு மணி நேரம் விட்டுக் குடித்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எலுமிச்சைச் சாறோடு மாத்திரை போட்டால் இன்னும் நல்லது.

வெளிநாட்டில் வாழும் நம் பெண்களுக்கு ஒன்று. அங்கே தோட்டங்களில் பென்னிராயல் என்றொரு செடி வளரும். புதினாக் குடும்பம், புதினா வாசனை. அதில் உள்ள புலிகோன் என்ற பொருள் ஈரலை நாசமாக்கும். 1978-இல் அமெரிக்காவின் கொலராடோவில், கருவைக் கலைக்க இதன் எண்ணெயைக் குடித்த 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். பின்னர், வீட்டுத் தோட்டத்துப் புதினா என்று நம்பிப் போட்டுக்கொடுத்த தேநீரால் கைக்குழந்தை ஒன்று இறந்ததும் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. இலை எது என்று உறுதியாகத் தெரியாத புதினாவைப் பறித்துக் கொதிக்கவைக்க வேண்டாம். சமையலுக்குக் கடையில் வாங்கும் புதினாவில் இந்தப் பயம் இல்லை.

இனிப்பாக இருக்கும் வேர்

இப்போது என் கண் நின்ற இடத்துக்கு வருகிறேன். அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் நம் வீடுகளில் முதலில் தேடும் வேர். சிறு பிள்ளைக்குக்கூட உரசிக் கொடுப்போம். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு என்பதால், 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கும் மூலிகைத் தேநீர்களில் ருசிக்காகச் சேர்க்கிறார்கள். சளி, செரிமானம், நல்ல தூக்கம் என்று எந்தப் பெயரில் பெட்டி வந்தாலும் உள்ளே இது இருக்க வாய்ப்புண்டு. இந்தியப் பொட்டலங்களில் முலேத்தி என்றோ யஷ்டிமது என்றோ எழுதியிருப்பார்கள். இரண்டும் அதிமதுரம்தான்.

இந்த இனிப்புக்குப் பெயர் கிளிசிரைசின். நம் உடலில் கார்டிசோல் என்ற ஹார்மோன் உண்டு, மனமும் உடலும் நெருக்கடியில் இருக்கும்போது கூடுவது. தாயின் கார்டிசோல் முழுவதும் பிள்ளைக்குப் போய்விடாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. வரும் கார்டிசோலில் பெரும்பகுதியை அது செயலற்றதாக மாற்றிவிடும். கிளிசிரைசின் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. காவல் தளர்ந்தால் பிள்ளைக்குப் போகும் கார்டிசோல் கூடும். அதே நொதி தாயின் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அதைத் தடுத்தால் உப்பும் நீரும் உடலில் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறைந்து கைகால் அசதி வரும். கால்வீக்கமும் அழுத்தமும் ஏறிய நிலையில் மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி, தான் குடிக்கும் இனிப்புத் தேநீரைப் பற்றிச் சொல்லாவிட்டால், மருத்துவருக்கு அது நினைவுக்கே வராமல் போகலாம்.

பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். அதனால் அங்கே ஹெல்சிங்கியில் 1998-இல் பிரசவித்த பெண்களிடம், கர்ப்பத்தில் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்து, அந்தப் பிள்ளைகளை வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் சற்று முன்னதாகப் பிறந்திருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சோதித்தபோது, குறைவாகச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் சோதனையில் ஏறக்குறைய ஏழு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பெண்பிள்ளைகள் சற்று முன்னதாகவே பருவ மாற்றங்களைக் கண்டார்கள். இது கவனித்து எழுதிய ஆய்வு, மாத்திரை கொடுத்து நடத்திய சோதனை அல்ல. அதிமதுரம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல இதனால் முடியாது. ஆனால் நஞ்சுக்கொடியின் நொதி பற்றித் தெரிந்ததோடு இது பொருந்துகிறது. பின்லாந்து அரசு கர்ப்பிணிகளுக்கு அதிமதுரம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அக்கா மகளின் பெட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அதிமதுரம் தூக்கலாக உள்ள தேநீரில் ஒரு பெரிய குவளைக்கு 30 மில்லிகிராம் கிளிசிரைசின் இருந்தால், நாளுக்கு மூன்று குவளையில் 90. ஏழு நாளைக்கு 630. பின்லாந்து ஆய்வில் 'அதிகம்' என்று கோடு போட்ட இடத்தை எளிதாகத் தாண்டிவிடுகிறது. நான்கு பொருளில் கடைசியாக எழுதியிருந்ததால் இவளுடைய பெட்டியில் அளவு குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எவ்வளவு என்று பெட்டி சொல்லவில்லை. தெரியாத அளவை மூன்று மாதம், தினம் மூன்று வேளை குடிப்பானேன்?

ஐரோப்பாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிமதுரம் இருந்தால் அதைத் தனியாக எழுத வேண்டும். இன்னும் கூடுதலாக இருந்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் குடிக்க வேண்டாம் என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரியைப் பார்த்தால் கர்ப்பிணி பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். இருமலுக்கு என்றைக்கோ ஒரு நாள் ஒரு துண்டு சுவைத்துவிட்டவர்கள் பதற வேண்டாம். பழக்கமாகக் குடிப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் இன்னொரு பெயரையும் கவனிக்க வேண்டும். ஆடாதொடை. சளிக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதில் உள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை கொண்டது. கொரோனா காலத்தில் வீடு வீடாகக் கொதித்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் ஆடாதொடையும் நிலவேம்பும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் போட்ட குடிநீரில் மருமகளுக்கும் ஒரு தம்ளர் என்று ஊற்றிக்கொடுத்துவிடக் கூடாது. பொறுப்புள்ள சித்த மருத்துவர் நாடி பார்க்கும் முன்பே எத்தனை மாதம் என்று கேட்டுவிடுவார்.

பாட்டியின் சீரகக் கஷாயம்

அக்கா மகள் அந்தப் பெட்டியை விட்டுவிட்டாள். 32-ஆவது வாரம் தன்னைப் பார்க்கும் மருத்துவச்சியிடம் கேட்டு, வேறொன்றும் கலக்காத ராஸ்பெர்ரி இலை வாங்கினாள். மாலையில் ஒரு குவளை, பிறகு இரண்டு. மூன்றாவதைச் சேர்த்த நாள் இரவு வயிறு மணிக்கு நாலைந்து தடவை இறுகியதால் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். இரும்பு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொண்டாள். புதினாவை நெஞ்செரிச்சலே நிறுத்திவிட்டது.

பிரசவத்துக்கு என் அக்கா மதுரையிலிருந்து போயிருந்தாள். கைப்பையில் சீரகமும் கருப்பட்டியும். எங்கள் பக்கத்தில் வலி கண்டதும் சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கருப்பட்டி போட்டு ஒரு தம்ளர் கொடுப்பார்கள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது கணக்கு. எங்கள் பாட்டி எத்தனையோ பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பொய்வலி சற்று நேரம் போனாலோ வயிற்றுக்குச் சூடாக ஏதாவது குடித்தாலோ தானாகவே அடங்கக்கூடியது. மெய்வலி எதைக் குடித்தாலும் அடங்காமல் நெருங்கி நெருங்கி வரும். கஷாயம் என்ன செய்கிறதோ, அது கொடுக்கும் அரை மணி நேரம் பயனுள்ளதுதான். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரத்துக்கு முன் வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலோ, அந்த அரை மணி நேரம் காத்திருக்கக் கூடாது. இதை அக்காவிடம் விமானம் ஏறும் முன்பே மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

39 வாரமும் நாலு நாளும் ஆன ஒரு விடிகாலையில் அவளுக்கு இடுப்பில் வலி எடுத்தது. பனிக்குடம் உடையவில்லை, பிள்ளை நன்றாக அசைந்துகொண்டிருந்தது. அக்கா கஷாயம் வைத்தாள். முக்கால் தம்ளர் குடிப்பதற்குள் வலி ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை வரத் தொடங்கியது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பதினான்கு மணி நேரம் வலியோடு இருந்து, கடைசியில் ஐம்பது நிமிடம் முக்கி, பெண்பிள்ளை பெற்றாள். இலை குடிக்காமல் இருந்திருந்தால் அது அறுபது நிமிடம் ஆகியிருக்குமா என்று அவள் என்னைக் கேட்டாள். ஒரு பிரசவத்தை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது என்றேன்.

மிச்சமிருந்த இலைப் பொட்டலத்தை வேலையிடத்தில் ஏழு மாதமாக இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப் போவதாகச் சென்ற வாரம் சொன்னாள். கொடுக்கும் முன் அந்தப் பெண்ணுக்கு முதல் பிள்ளை சிசேரியனா என்று கேட்கச் சொன்னேன். கேட்டாள். ஆமாம் என்று பதில் வந்தது. பொட்டலம் இப்போது குப்பைக்கூடையில் இருக்கிறது.